இரண்டு கப்ஷனில் எது? நண்பர்களிடம் வாக்குக் கேட்கும் முறையும், அந்த வாக்கை மீற வேண்டிய இடமும்

திருகோணமலையில் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்குப் படத்துக்குப் பஞ்சமில்லை. கோணேசர் மலையடியில் ஒரு விடியல், கோட்டைக்குள் திரியும் மான்கள், நிலாவெளிக் கரை என்று கைபேசியைத் தூக்கினால் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். இடறுவது கப்ஷனில்தான். இரண்டு எழுதி வைத்துவிட்டு எதைப் போடுவதென்று தெரியாமல், நண்பர்கள் குரூப்பில் "ஒண்டா ரெண்டா, கெதியாச் சொல்லுங்கோ" என்று கேட்கிறோம். பத்துப் பேர் பதில் சொல்வார்கள். கூடுதல் வோட் வந்ததைப் போடுவோம். அல்லது அது மனதுக்கு ஒட்டாமல் மற்றதைப் போட்டுவிட்டு, "பிறகென்னத்துக்கு எங்களைக் கேட்டனி?" என்று வாங்கிக் கட்டுவோம்.

கேட்கிற விதத்தைக் கொஞ்சம் திருத்தினால் இந்த இழுபறி பெரும்பாலும் வராது. நண்பர்களுக்கு ஒரு விஷயம் உங்களை விட நன்றாகத் தெரியும்: நீங்கள் எழுதியது வெளியே இருந்து பார்க்கிறவருக்கு விளங்குகிறதா இல்லையா என்பது. உங்களுக்கு ஒரு விஷயம் அவர்களை விட நன்றாகத் தெரியும்: படத்துக்குள் யார் இருக்கிறார்கள், அன்று என்ன நடந்தது, என்ன சொல்லி அந்தப் படத்தை எடுத்தீர்கள் என்பது. முதலாவதில் வாக்கு சொன்னதைக் கேளுங்கள். இரண்டாவதில் பத்துக்குப் பத்து வந்தாலும் கேட்க வேண்டியதில்லை. எந்த வோட் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு படத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறேன். என் பெரியம்மாவின் மகள், எனக்குத் தங்கச்சி முறை, உப்புவெளிக் கரையில் எடுத்த கரைவலைப் படம். வாடை ஓய்ந்து கடல் அடங்கிய காலம், காலை வெயில் ஏறத் தொடங்கும் நேரம். ஒரு பக்கக் கயிற்றில் வரிசையாக ஆட்கள் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கிறார்கள். முன்னால் நிற்கிற ஐயாவின் கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. மற்றக் கயிறு சட்டத்துக்கு வெளியே. வலை இன்னும் தண்ணீருக்குள். அவள் எழுதி வைத்திருந்த இரண்டு கப்ஷன்:

முதலாவது: "மாசக் காசு கட்டாத ஜிம். காலை ஆறரைக்குத் திறக்கும். உப்புவெளி."

இரண்டாவது: "இரண்டு மணி நேரம் இழுத்த வலை. மடியில் இரண்டு கூடை நெத்தலி. உப்புவெளி."

படி 1: இரண்டும் உண்மையிலேயே இரண்டாக இருக்கட்டும்

வாக்குக்கு விடுவதற்கு முன்பே பலர் சறுக்குவது இங்கேதான். "அதிகாலை உழைப்பு", "விடிகாலை உழைப்பு" என்று இரண்டை வைத்துக் கேட்டால் எது வென்றாலும் உங்களுக்கு ஒன்றும் தெரிய வராது. மாறாக, ஒன்று நாலு சொல், மற்றது எட்டு வரி. ஒன்று பகிடி, மற்றது சோகம். ஒன்றில் ஊர்ப்பெயர் இருக்கிறது, மற்றதில் இல்லை என்று எல்லாமே வேறாக இருந்தாலும் அதே கதைதான். எட்டு வரி தோற்றது சோகத்தாலா நீளத்தாலா என்று எப்படிச் சொல்வது?

நீளத்தை ஏறக்குறைய ஒன்றாக்குங்கள். ஊர்ப்பெயர், நேரம் போன்றவை இரண்டிலும் இருக்கட்டும், அல்லது இரண்டிலும் வேண்டாம். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மேலே உள்ள சோடியில் மாறுவது பார்வை. ஒன்று அந்த ஆட்களை வெளியே நின்று பார்த்துச் சிரிக்கிறது, மற்றது அவர்களுக்குக் கிடைத்ததைச் சொல்கிறது. கேள்வி சுத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. இன்ஸ்டகிராமில் கப்ஷன் முழுதும் ஒரேயடியாகத் தெரியாது. முதல் ஒன்றிரண்டு வரிக்குப் பிறகு மிச்சம் மறைந்துவிடும், தொட்டால்தான் விரியும். தமிழ் எழுத்து அகலமும் கூட என்பதால் இன்னும் கெதியாக வெட்டுப்படும். ஆகவே வாக்குக்கு விடும்போதும் அந்தத் தெரிகிற பகுதியை மட்டும் விடுங்கள். கீழே நாலு பந்தி இருக்கிறதென்றால் அது வேறு விஷயம். அதைப் பற்றி நண்பர்களிடம் கேட்பதென்றால் தனியாகக் கேளுங்கள்.

படி 2: யாரைக் கேட்பது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் நீங்களும் பதில்களை வாசிக்க மாட்டீர்கள், எண்ணத்தான் செய்வீர்கள்.

ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே பள்ளிக்கூட பட்ச் குரூப்பாக இருந்தால் நீங்கள் பத்துப் பேரைக் கேட்கவில்லை, ஏறக்குறைய ஒருவரைத்தான் கேட்கிறீர்கள். சிரிப்பது ஒன்றுக்கே, நினைப்பு வருவதும் ஒன்றுக்கே. நான் சொல்வது இப்படி ஒரு கலப்பு: ஊரிலேயே இருக்கிற நாலு பேர், ஊரை விட்டுப் போன மூன்று பேர், திருகோணமலையையே காணாத மூன்று பேர். ஊரில் இருப்பவர் பிழையைப் பிடிப்பார். ஊரைக் காணாதவர் எது விளங்கவில்லை என்று சொல்வார். நடுவில் இருக்கும் மூன்று பேர், அதாவது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள், கொஞ்சம் பார்த்துக் கையாள வேண்டிய ஆட்கள். கடல் தெரிந்தாலே அவர்களுக்கு நெஞ்சு நிறைந்துவிடும், எதை எழுதினாலும் நல்லது என்பார்கள். அவர்கள் வோட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் அவர்களாகவே இருந்தால் அதுதான் உங்களுக்கு முக்கியமான வோட். ஆரம்பத்திலேயே தீர்மானிக்க வேண்டியது, இந்தப் படம் யாருக்கு என்பது.

நேரத்தையும் பாருங்கள். கோடை காலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே காலை எட்டுக்குக் கேட்டால் அங்கே முதல் நாள் இரவு பத்தரை; பதில் வரும். இங்கே மத்தியானம் கேட்டால் அவர்கள் தூக்கம். பின்னேரமே படத்தைப் போட வேண்டும் என்றால் அந்த வோட்டுகள் வந்து சேராது.

படத்தில் இருப்பவர்களோடு பழக்கமான ஒருவராவது அந்தப் பத்தில் இருக்க வேண்டும். இது கட்டாயம். ஏனென்று கீழே விளங்கும்.

படி 3: குரூப்பில் கேட்காமல் தனித்தனியாகக் கேளுங்கள்

வட்ஸ்அப் குரூப்பில் வாக்கெடுப்புப் போடுவது மிகச் சுலபம். ஆனால் அதில் யார் எதற்குப் போட்டார்கள் என்பது குரூப்பில் உள்ள எல்லாருக்கும் தெரியும், எண்ணிக்கையும் ஏற ஏறத் தெரிந்துகொண்டே இருக்கும். முதல் மூன்று வோட் ஒரு பக்கம் விழுந்தால் நாலாவது ஆள் படத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்காமல் அதே பக்கம் போட்டுவிடுவார். குரூப்பில் ஒரு வாய்க்காரர் இருந்தால் இன்னும் மோசம். அவர் "ரெண்டாவது என்னடா செத்தவீட்டு அறிவித்தல் மாதிரி" என்று ஒரு வரி எழுதினால் வாக்கெடுப்பு அத்தோடு முடிந்தது.

இன்ஸ்டகிராம் ஸ்டோரியில் போடும் வாக்கெடுப்பு கொஞ்சம் பரவாயில்லை. யார் எதற்குப் போட்டார் என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும், வோட் போடும் வரை மற்றவர்களுக்கு முடிவும் தெரியாது. ஆனால் தெரிவுக்கான பெட்டிக்குள் கப்ஷன் முழுவதும் அடங்காது. கப்ஷன்களைப் படத்தின் மேல் எழுதி, பெட்டிக்குள் வெறும் "1", "2" என்று வைக்க வேண்டும். அத்தோடு, ஏன் என்று அங்கே யாரும் எழுத மாட்டார்கள்.

ஆகவே நான் சொல்வது வட்ஸ்அப்பில் புரோட்காஸ்ட் லிஸ்ட். ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் தனியாக வரும். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பட்டியலை இரண்டாக்குங்கள், ஐந்து ஐந்து பேர். ஒரு பட்டியலுக்குப் பகிடிக் கப்ஷன் முதலில், மற்றப் பட்டியலுக்கு அது இரண்டாவதாக. முதலில் வாசித்ததற்கே கை போகிற பழக்கம் பலருக்கு உண்டு, வரிசையை மாற்றினால் அது இரண்டு பக்கமும் சமமாகிவிடும். பதிலை எண்ணும்போது யாருக்கு எது "ஒன்று" என்று குழம்பாமல் இருக்க ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

எது உங்களுக்குப் பிடித்தது என்று மூச்சு விட வேண்டாம். "நான் ரெண்டாவதைத்தான் நினைக்கிறன், நீ என்ன சொல்றாய்" என்பது வாக்குக் கேட்பது இல்லை, ஆமாம் போடச் சொல்வது.

படி 4: இரண்டு கேள்வி கேளுங்கள், இரண்டாவதுதான் முக்கியம்

"எது நல்லம்?" என்று மட்டும் கேட்டால் வருவது ஒரு இலக்கம். "ஏன்?" என்று கேட்டால் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில் யோசித்துச் சொல்லும் காரணம், "இது ஒரு மாதிரி வடிவா இருக்கு" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் திருத்த முடியாது.

பதிலாக இப்படி அனுப்புங்கள்: "படமும் ரெண்டு கப்ஷனும் இருக்கு. எந்த இலக்கம்? மற்றது, ஒவ்வொண்டையும் வாசிக்க படத்தில என்ன நடக்குதெண்டு விளங்குது? ஒரு வரியில சொல்லு." இந்த இரண்டாவது கேள்விக்கு யாரும் உங்களைக் குளிர்விப்பதற்காகப் பதில் சொல்ல முடியாது. விளங்கியதைத்தான் சொல்வார்கள், விளங்காததும் அதிலேயே வெளிவரும்.

கரைவலைப் படத்துக்கு வந்த முடிவு பகிடிக்கு எட்டு, நெத்தலிக்கு இரண்டு. ஆனால் கூடவே வந்த வரிகளைப் பாருங்கள்.

"பகிடிதான் மச்சாள். வாசிச்ச உடன சிரிச்சிட்டன்."

"நெத்தலிக் கப்ஷன் விளங்கேல்ல. ரெண்டு கூடை எண்டா நல்ல பாடுதானே? சந்தோசமான படமா?"

"ஜிம். மற்றது மீன் விக்கிற விளம்பரம் மாதிரி கிடக்கு."

நெத்தலிக்குப் போட்ட இருவரில் ஒருவர் சாம்பல்தீவுப் பக்கத்துக்காரர், கடற்கரையோடு வளர்ந்தவர். அவர் எழுதியது: "ரெண்டு கூடையோ? பாவங்கள். சம்மாட்டிக்கு எண்ணெய்க் காசும் தேறியிராது."

எட்டுக்கு இரண்டு என்ற கணக்கை விட இந்த நாலு வரிதான் பெறுமதியானது. இரண்டு கூடை நெத்தலி என்பது ஒரு கரைவலைக்கு எவ்வளவு சொற்பம் என்று கரைக்காரருக்கு உடனே உறைத்தது. மற்றவர்களுக்கு அது உறைக்கவில்லை, ஒருவர் நல்ல மீன்பாடு என்றே எடுத்துக்கொண்டார். அதாவது அந்தக் கப்ஷன் தோற்றதில் ஒரு பங்கு அதன் குற்றம்தான்.

படி 5: எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்

பத்துப் பேருக்கு இரண்டு கப்ஷனும் ஒன்றுதான், ஆளுக்கொரு காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து வோட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 7க்கு 3 அல்லது அதைவிடச் சாய்வான முடிவு மூன்று தடவைக்கு ஒரு தடவை வரும். 8க்கு 2 அல்லது அதைவிடச் சாய்வானது ஒன்பது தடவைக்கு ஒரு தடவை. 9க்கு 1 அல்லது முழுப் பத்தும் என்றால்தான் ஐம்பதுக்கு ஒன்று.

இதன் பொருள் எளிது. பத்துப் பேரில் 6க்கு 4, 7க்கு 3 எல்லாம் வெற்றியே இல்லை, சமம். அந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்ததைப் போடுவது யாருடைய வாக்கையும் மீறுவதும் இல்லை. "எல்லாரும் அதைச் சொன்னார்கள், நான் இதைப் போட்டேன்" என்று மனதை வருத்திக்கொள்கிற சந்தர்ப்பங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மீறலா இல்லையா என்ற கேள்வி 8க்கு 2 வந்த பிறகுதான் தொடங்குகிறது.

அப்போதும் ஒரு சாய்வைக் கழித்துப் பார்க்க வேண்டும். உங்கள் நண்பர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வெளியே பார்க்கப் போகிறவர் ஒன்றைத்தான் பார்ப்பார். பக்கத்தில் வைக்கும்போது பகிடி, எதுகை, அதிரடி எல்லாம் மற்றதைச் சப்பென்று ஆக்கிவிடும். தனியாகப் பார்த்தால் அந்தச் சப்பென்றதே போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே பகிடி ஒன்று அமைதியான ஒன்றை வெல்லும்போது அந்த வெற்றியிலிருந்து கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள். அமைதியானது பகிடியை வென்றால் அதை முழுதாக நம்பலாம். இதைச் சோதிக்க ஆசையென்றால், இதுவரை கேட்காத நாலு பேரில் இருவருக்கு ஒன்றை மட்டும், மற்ற இருவருக்கு மற்றதை மட்டும் அனுப்பி, "இதைப் பார்த்தா என்ன தோணுது?" என்று கேளுங்கள். நாலு பேரை வைத்து எண்ண முடியாது, ஆனால் பதிலின் தொனி தெரியும்.

படி 6: மீறலாமா என்று தீர்மானிப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "மனசு சொல்லுது" என்ற சொல்லுக்குள் மூன்று நாலு வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை கொடுக்க முடியாது.

முதல் வகை, உங்களிடம் இருக்கிற தகவல். கரைவலைப் படத்தில் நடந்தது இதுதான். எட்டுக்கு இரண்டு என்றதும் தங்கச்சியின் முகம் கோணியது. "எனக்கு அந்த ஜிம் போட விருப்பமில்லை அண்ணா, ஏனெண்டு தெரியேல்ல" என்றாள். ஏனென்று தெரியாது என்று சொல்கிற இடத்தில் விட்டுவிடாமல் தோண்ட வேண்டும். அன்று காலை என்ன நடந்ததென்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். கரையில் சம்மாட்டியிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "எடு பிள்ளை. ஆனா எங்களைப் பகிடி பண்ணி போட்டுடாத. போன வருசம் ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டு, எங்கட பொடியள் இன்னும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்கள்." அவள் தலையாட்டிவிட்டுத்தான் கைபேசியை எடுத்திருக்கிறாள்.

இந்தத் தகவல் வோட் போட்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் போட்ட வோட் அது. இப்படிப்பட்ட இடத்தில் சோதனை ஒன்று இருக்கிறது: உங்கள் காரணத்தை ஒரு வசனத்தில் எழுதி, தோற்கடித்த பக்கத்தில் வோட் போட்ட இரண்டு மூன்று பேரிடம் சொல்லுங்கள். தகவல் தெரிந்ததும் அவர்கள் மாறினால், உங்கள் உள்ளுணர்வு உண்மையில் உள்ளுணர்வே இல்லை, அவர்களிடம் சொல்லாமல் விட்ட செய்தி. ஜிம்முக்குப் போட்ட மூவரிடம் சம்மாட்டி சொன்னதைச் சொன்னோம். மூவரும் மாறினார்கள். "ஐயோ, அப்ப வேண்டாம்" என்பதுதான் மூவரும் வேறு வேறு விதமாகச் சொன்னது. வாக்கை மீறத் தயங்க வேண்டிய இடமே அதில்லை.

இதே வகையில் வருவது உண்மைப் பிழை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஒரு கப்ஷன் "கொதிக்கும் ஏழு கிணறு" என்று தொடங்கினால் அதற்கு வோட் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அங்கே வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிறார்கள். கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் கூடிக் குறையுமே தவிர ஒன்றும் கொதிப்பதில்லை. இதில் வாக்குக்கு வேலையே இல்லை. வாக்கெடுப்புக்கு விடும் முன்பே எடுத்திருக்க வேண்டிய சொல் அது.

இரண்டாம் வகை, உங்கள் பக்கத்தின் தொனி. வழமையாக அமைதியாக எழுதுகிற பக்கத்தில் திடீரென்று ஒரு பகிடி வந்தால் நண்பர்களுக்குப் புதுசாக இருக்கும், வோட் போடுவார்கள். பக்கத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு வேறு யாரோ வந்து எழுதியது போலத் தோன்றும். இந்தக் காரணத்தால் மீறுவதும் சரிதான், ஆனால் முதல் வகை போல உறுதியானது இல்லை. சோதிக்க ஒரு வழி: நீங்கள் கடைசியாகப் போட்ட ஆறேழு கப்ஷனையும் வரிசையாக எழுதி, அதற்கு அடியில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து வாய்விட்டு வாசியுங்கள். ஒன்று தொண்டையில் சிக்கினால் தெரியும். இரண்டும் இயல்பாகப் போனால் உங்கள் காரணம் அவ்வளவு பெலமானது இல்லை, வாக்கையே கேளுங்கள்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது: மினக்கெட்டு எழுதியதால் வந்த பாசம். கோணேசர் மலையில் எடுத்த கடல் படம் ஒன்றுக்குத் தேவாரத்தில் இருந்து ஓர் அடியைத் தேடி எடுத்து, அதைச் சுற்றி ஒரு வரி கட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். பத்தில் ஒன்பது பேர் மற்றதைத்தான் சொல்கிறார்கள், ஐந்து பேர் "விளங்கேல்ல" என்கிறார்கள். உங்களுக்கோ விட மனமில்லை. இங்கே உங்களிடம் அவர்களுக்குத் தெரியாத தகவல் எதுவும் இல்லை. இருப்பது நீங்கள் பட்ட பாடு மட்டும்தான், அது வாசகருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. விளங்குவது பற்றிய கேள்வியில் எழுதியவருக்கு வோட்டே கிடையாது என்பது என் கட்சி. அந்த அடியைக் கப்ஷனின் கீழ்ப்பகுதிக்கு இறக்கிவிடுங்கள், தேடி வாசிக்கிறவர் வாசிப்பார்.

இந்த மூன்றாம் வகை உங்களைப் பிடித்திருக்கிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. முடிவு தெரிந்த பிறகு, "இன்னும் ரெண்டு பேரைக் கேப்பம்" என்று புதிதாக ஆள் தேடுவீர்கள், அதுவும் உங்களுக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவராகப் பார்த்து. வோட் போட்டவருக்கு உங்கள் கப்ஷனின் பொருளை விளக்கத் தொடங்குவீர்கள். பதிவுக்குக் கீழே நீங்களே வந்து நின்று ஒவ்வொருவருக்கும் விளக்க முடியாது அல்லவா? விளக்கம் தேவைப்பட்டதென்றாலே அந்தக் கப்ஷன் தோற்றது நியாயம்.

படி 7: மீறினாலும் வாக்கை எறிந்துவிடாதீர்கள்

ஜிம் கப்ஷன் போகிறதென்று முடிவானதும் தங்கச்சி நெத்தலிக் கப்ஷனை அப்படியே போடப் பார்த்தாள். அதுவும் சரியில்லை. அந்தக் கப்ஷன் விளங்கவில்லை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பகிடியைத் தள்ளுவதற்குக் கிடைத்த நியாயம், மற்றதன் குறையை மன்னிக்கிற நியாயம் ஆகிவிடாது.

குறை எங்கே இருக்கிறதென்று பதில்களே காட்டின. "இரண்டு கூடை" கூடவா குறையவா என்று வாசகருக்கு அளவுகோல் இல்லை. "குறைவு", "பாவம்", "ஏமாற்றம்" என்று சொல்லைச் சேர்த்தால் பரிதாபம் பிடிப்பது போல ஆகும், அந்த ஆட்களுக்கு அதுவும் பிடிக்காது. அளவுகோலாக நிற்கக்கூடிய ஒன்று வேண்டும். எத்தனை பேர் இழுத்தார்கள் என்று கேட்டேன். இரண்டு கயிற்றிலும் சேர்த்துப் பதினைந்து பேர். கப்ஷன் இப்படி ஆனது:

"இரண்டு மணி நேரம் இழுத்த வலை. பதினைந்து பேர் பங்கு போட இரண்டு கூடை நெத்தலி. உப்புவெளி."

கூடிய சொற்கள் நாலு, போனது ஒன்று. குறைவா கூடவா என்று யாரும் சொல்லத் தேவையில்லை, வாசிப்பவரே பிரித்துப் பார்த்துக்கொள்வார். "மடி" என்ற சொல் போனதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான், வலையின் அந்தப் பைப்பகுதிக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் ஊருக்கு வெளியே இருக்கும் மூவரில் ஒருவர் அதைத் தாய்மடி என்று நினைத்து எதையோ எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

திருத்திய கப்ஷனை மறுபடி பத்துப் பேருக்கும் அனுப்பி வாக்குக் கேட்க வேண்டாம். அவர்களுக்கு இப்போது கதை தெரியும், புதுக் கண் இல்லை. முதலில் நல்ல மீன்பாடு என்று நினைத்தவரைப் போல விஷயம் தெரியாத, இதுவரை கேட்காத ஒருவர் போதும். அவரிடம் ஒரே கேள்வி: என்ன விளங்குது? "கனபேர் பாடுபட்டு ஒண்டும் கிடைக்கேல்ல போல" என்று பதில் வந்தது. அத்தோடு நிறுத்தினோம்.

படி 8: போட்ட பிறகு

வோட் போட்டவர்களுக்கு ஒரு வரி அனுப்புங்கள். "நீங்கள் கூடச் சொன்னதைப் போடேல்ல, சம்மாட்டி அப்படிப் போட வேண்டாமெண்டவர். ஆனா விளங்கேல்ல எண்டு சொன்னதாலதான் பதினைஞ்சு பேர் எண்டு சேர்த்தனாங்கள்." இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த தடவை கேட்கும்போது "ஒண்டு" என்று ஒரு இலக்கம் மட்டும்தான் வரும், விளங்கியதை யாரும் எழுத மாட்டார்கள். அந்த வரிகளுக்காகத்தானே கேட்கிறோம்.

லைக்கை வைத்து எது சரியாக இருந்தது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். போட்ட நேரம், படம், அன்று வேறு என்ன ஓடியது என்று லைக் பல காரணத்தால் ஏறி இறங்கும், மற்றக் கப்ஷனுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று ஒருக்காலும் தெரியப் போவதில்லை. பார்க்க வேண்டியது கீழே எழுதுகிறவர்கள் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்பதை. வலையைப் பற்றியும் மீன்பாட்டைப் பற்றியும் எழுதினால் கப்ஷன் வேலை செய்கிறது. வெறும் "சூப்பர்" என்று வரிசையாக வந்தால் படம் மட்டும்தான் வேலை செய்கிறது.

பிழை ஏதும் கண்ணில் பட்டால் இன்ஸ்டகிராமிலும் முகநூலிலும் கப்ஷனைப் போட்ட பிறகும் திருத்தலாம். ஆனால் முகநூலில் முன்பு என்ன எழுதியிருந்தீர்கள் என்ற திருத்த வரலாற்றைப் பதிவைப் பார்க்கிறவர்களும் திறந்து பார்க்க முடியும். ஸ்கிரீன்ஷொட் எடுத்தவர் கையில் பழையதுதான் இருக்கும். எழுத்துப்பிழை, இடப்பெயர் போன்றவற்றுக்கு இந்த வசதி போதும். ஆட்களைப் புண்படுத்துகிற ஒரு வரியைப் "போட்டுப் பாப்பம், பிரச்சினை வந்தா மாத்துவம்" என்று போடுவதற்கு இதை நம்ப வேண்டாம். உப்புவெளிக் கரையில் இளம் பொடியன் ஒருவன் கைபேசியில் அதைத் திறந்து மற்றவர்களுக்குக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.